72 என்ற எண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்

ஆசிரியர்களே, பிள்ளையின் அறிவியல் நோட்டும் கையுமாக மருத்துவரான என்னிடம் வரும் பெற்றோரை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். கடைசியாக வந்தது பத்து வயதுச் சிறுமி. வகுப்பில் படி ஏறி இறங்கிவிட்டு நாடி பார்த்ததில் நிமிடத்துக்கு 160 வந்திருக்கிறது. பக்கத்திலேயே சிவப்பு மையில், 'இயல்பு 72. மருத்துவரிடம் காட்டவும்'. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டார். விசாரித்து, பரிசோதித்துப் பார்த்ததில் எக்கோவுக்கான காரணம் எதுவும் இல்லை.

72 என்பது பெரியவர்களுக்கு, அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சொல்லப்படும் சராசரி. பெரியவர்களுக்கே ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்புதான். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, விழித்து அமைதியாக இருக்கும்போதே ஏறக்குறைய 70 முதல் 110 வரை இருக்கும். சின்ன இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைவு. அதனால் அடிக்கடி துடிக்கிறது. மூச்சு முட்ட ஓடினால் 190, 200 வரைகூடப் போகும். ஓடிய பிள்ளைக்கு 72 இருந்தால்தான் நான் பயப்படுவேன். துடிப்பின் உச்சத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் '220-இல் வயதைக் கழி' என்ற கணக்கையும் தயவுசெய்து வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். அது பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

அந்த நோட்டில் என்னை எரிச்சலூட்டியது வேறொன்று. 160-க்குப் பிறகு எதுவுமே எழுதவில்லை. எவ்வளவு ஏறியது என்பதைவிட எப்படி இறங்குகிறது என்பதில்தான் இந்தச் சோதனையின் சுவாரசியமே இருக்கிறது. அதற்கு முன்பே கடையைக் கட்டிவிட்டார்கள்.

சரி, திரும்பவும் செய்து பார்ப்போம் என்று என் அறையிலேயே ஆரம்பித்தோம். முதலில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, மெதுவாக வைக்கச் சொன்னேன். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, இரண்டும் குழம்பிவிடும். 15 விநாடியில் 22 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 88. பிறகு தாழ்வான படியில் இரண்டு நிமிடம் ஏறி இறங்கினாள். உட்கார்ந்தவுடன் எண்ணியதில் 40, அதாவது அதே 160. ஒரு நிமிடம் கழித்து 29, அதாவது 116. இரண்டாவது நிமிடத்தில் 104, மூன்றாவதில் 96.

முதல் நிமிடத்தில் மட்டும் 44 குறைந்திருக்கிறது, அடுத்ததில் 12, அதற்கடுத்து 8. வேகத்தைத் தணிக்கும் நரம்பு உடனே வேலையை ஆரம்பித்துவிடுவதால் வரும் வளைவு இது. வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைக்கச் சொன்னால் பிள்ளைகளே அதைப் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சீக்கிரமே இறங்கும். ஆசிரியர் கூடவே செய்து இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டால் வகுப்பு களைகட்டும்.

பல வகுப்புகளில் இந்த வளைவு காணாமல் போவதற்குக் காரணம், உடற்பயிற்சி முடிந்ததும் ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்வது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு சரிந்துகொண்டிருக்கிறதே! அந்தச் சிறுமியை அப்படி எண்ண வைத்திருந்தால் 160-ம் வந்திருக்காது, 116-ம் வந்திருக்காது. நடுவில் ஏதோ ஒன்று வந்திருக்கும். நாடியைத் தேடுவதிலேயே அரை நிமிடம் போனாலும் இதே கதைதான். அதனால் ஓய்வில் இருக்கும்போதே நாடி இருக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள். 15 விநாடி எண்ணுவதிலும் ஒரு சங்கடம் உண்டு: ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் நான்கு மாறிவிடும். அப்படியிருக்க, 92 வந்தவனைவிட 88 வந்தவன் ஆரோக்கியமானவன் என்று பட்டியல் போடுவதில் என்ன அர்த்தம்? யாருடைய எண்ணையும் பலகையில் எழுதாதீர்கள். அவரவர் கோட்டை அவரவர் அடுத்த மாதக் கோட்டோடு ஒப்பிட்டால் போதும்.

இன்னொன்று. மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் போகிறது என்று சில பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்வார்கள். தாளம் தப்புகிறது என்று பதறாதீர்கள். பிள்ளைகளிடம் அது மிகச் சாதாரணம். கவனித்த பிள்ளையைப் பாராட்டுங்கள்.

கழுத்தில் நாடி பார்க்க விடாதீர்கள். அங்கே அழுத்தினால் துடிப்பு குறையும், சிலருக்குத் தலைசுற்றும். காய்ச்சலோடு வந்த பிள்ளை அன்று ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும், ஏறி இறங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பையில் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதய நோய்க்காக ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் பிள்ளையை, அதன் மருத்துவரைக் கேட்காமல் குதிக்க வைக்காதீர்கள்.

எங்களிடம் அனுப்பவே கூடாது என்று சொல்லவில்லை. ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, விளையாடும்போது நெஞ்சு வலி என்று சொல்லும் பிள்ளை, சும்மா இருக்கும்போதே நெஞ்சு திடீரென்று படபடக்கிறது என்று சொல்லும் பிள்ளை, குடும்பத்தில் இளம் வயதிலேயே யாராவது திடீரென இறந்திருக்கும் பிள்ளை: இவர்களை அனுப்புங்கள், தாமதிக்காமல் அனுப்புங்கள். நாடி எத்தனை வந்தது என்பதோடு, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்பினால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.