ஜர்னல் கிளப்: ஆய்விதழ் அலசல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து நர்சிங் மாணவிகள் வீட்டில் தமிழும் வார்டில் மலையாளமும் பேசினாலும், 'நாளைக்கு ஜர்னல் கிளப்' என்பதை மட்டும் அப்படியேதான் சொல்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை ஒன்றைச் சிலர் முன்வைக்க, மற்றவர்கள் கேள்வி கேட்டுப் பிரித்துப் பார்க்கும் அமர்வு அது. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

'ஜர்னல்' என்ற சொல்லின் வேர் 'நாள்' என்று பொருள்படும் லத்தீன் சொல். நாட்குறிப்பு என்ற பொருளிலிருந்து இதழுக்கு வந்தது. 'கிளப்' ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் காசு. 1875-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் இதைத் தொடங்கியபோது, தனி ஆளால் வாங்க முடியாத இதழ்களைக் கூட்டாக வாங்கிப் படிப்பதே நோக்கம். அதனால் அப்போது 'ஆய்விதழ் மன்றம்' என்றால் பொருந்தியிருக்கும். இன்று இதழ் கிடைப்பது சிரமமில்லை, வேலையே வாதிடுவதுதான். எனவே 'ஆய்விதழ் அலசல்' என்பதே என் தேர்வு. 'வாசிப்பு' என்று பெயர் வைத்தால் சுருக்கத்தை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்!

இறுதியாண்டு அமர்வுக்கு நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை நல்ல தேர்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளைப் பற்றியது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது என்பது முடிவு. கட்டுரையை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முன்வைக்க இருபது நிமிடம் போதும், மீதி விவாதத்துக்கு.

முதல் சறுக்கல் அந்த 7-இல்தான். 'நூறு பேரில் ஏழு பேர் கூடுதலாக இறக்கிறார்கள்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்போது கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்த நோயாளிகளில் இறந்தவர்கள் சுமார் 2 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு 20 பேர். இருபதில் 7 சதவீதம் 1.4. ஆக 20 என்பது 21.4 ஆகிறது, அவ்வளவுதான். சின்ன எண் போலத் தெரியும். ஆனால் ஒரே நர்ஸுக்கு நாலு நோயாளி இருந்த இடத்தில் எட்டு ஆனால் 7 சதவீதம் நாலு முறை பெருகி, 31 சதவீதத்தில் போய் நிற்கும்.

அப்புறம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, 'நர்ஸ் குறைந்ததால்தான் இறப்பு கூடியதா?' என்று மோதவிடலாம். ஆம் என்பவர்கள், நோயாளிகளின் வயதையும் அவர்களுக்கு ஏற்கனவே இருந்த நோய்களையும் ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்ததைக் காட்டுவார்கள். இல்லை என்பவர்களுக்கு வலுவான பிடி வேறு: நர்ஸ்களிடம் கருத்தாய்வு நடத்தி மருத்துவமனைக்கு ஒரு சராசரிதான் எடுத்தார்கள். இறந்த நோயாளியை அன்று கவனித்த நர்ஸிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அந்தத் தரவில் இல்லை.