'வஞ்சகர் நோய்க்குறி' வேண்டாம்

மனநலக் கட்டுரை எதைத் திறந்தாலும் 'வஞ்சகர் நோய்க்குறி' எதிர்ப்படுகிறது. 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்பதற்கு இதுதான் தமிழாம். கேட்டவுடன் சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர்தான் நினைவுக்கு வருகிறார்.

இம்போஸ்டர் இலத்தீன் வழிச் சொல்; வேறொருவராக நடித்து ஏய்ப்பவர் என்று பொருள். பட்டமும் பதவியும் பெற்ற பின்னும் 'எனக்கு உண்மையில் அறிவில்லை, எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன்' என்று நம்பிய பெண்களைப் பற்றி, 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். அவர்கள் இட்ட பெயர் 'இம்போஸ்டர் ஃபினாமினன்'; ஃபினாமினன் என்றால் நிகழ்வு, நோயல்ல. சிண்ட்ரோம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது கிடையாது. இல்லாத நோய்க்குத்தான் நாம் குறி சொல்கிறோம்.

'வஞ்சகர்' அதைவிட மோசம். வஞ்சகர் தெரிந்தே ஏமாற்றுபவர், பெரும்பாலும் நன்றாகத் தூங்குபவர். இங்கே தூக்கம் கெடுபவர் யாரையும் ஏமாற்றாதவர். சிலர் 'தாழ்வு மனப்பான்மை' போதும் என்கிறார்கள், போதாது. தாழ்வு மனப்பான்மையில் குட்டு உடைந்துவிடும் என்ற பயம் இருக்க வேண்டியதில்லை. இதற்கோ அந்தப் பயம்தான் உயிர்.

ஒரு தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்த இளைஞரை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு பக்க அறிக்கை கேட்கிறார்கள். மாலைக்குள் முடித்துவிடுகிறார். ஆனால் ஒரு கூட்டல் தவறினாலும் தன் தகுதி தெரிந்துவிடும் என்று நள்ளிரவுவரை திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார். மறுநாள் பாராட்டு கிடைக்கிறது. 'அவ்வளவு நேரம் உட்கார்ந்ததால்தான் தப்பித்தேன்' என்று அவர் முடிவுகட்டுகிறார். பயத்தால் தள்ளிப்போட்டுக் கடைசி இரவில் முடித்திருந்தால், பாராட்டை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதியிருப்பார். எந்த வழியிலும் வெற்றி திறமையின் கணக்கில் ஏறுவதில்லை. அடுத்த அறிக்கைக்கும் அதே நள்ளிரவுதான். இந்தச் சுழற்சியைக் கிளான்ஸ் தெளிவாகவே விவரித்திருக்கிறார். பெயர் வைத்தவர்கள் அதைப் படித்திருந்தால் வஞ்சகரைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

'போலியச்சம்' என்ற சொல்லையும் பார்த்தேன். பொய்யாகப் பயப்படுவது என்றல்லவா அது பொருள்படும்? என் தேர்வு 'அம்பல அச்சம்'. அம்பலம் மன்றம் ஆயிற்றே, மேடைக் கூச்சம் என்று புரிந்துகொள்வார்களே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். 'குட்டு அம்பலமானது' என்று நாளிதழ் எழுதினால் யார் மன்றத்தை நினைக்கிறார்கள்?

இதன் கூட்டாளியான 'பெர்ஃபெக்ஷனிசம்' பட்ட பாடும் சிறிதல்ல. 'பரிபூரணவாதம்' என்கிறார்கள். இசம் கண்ட இடமெல்லாம் வாதம் போடும் பழக்கம் இது. அந்த இளைஞர் எந்தக் கொள்கைக்காகவும் வாதாடவில்லை. ஒரு காற்புள்ளி பிசகினாலும் அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவே. 'குறை பொறாமை' என்று வைக்கலாம். பொறாமைக்கு இன்று வேறு பொருள் வந்துவிட்டதால் 'குறை பொறுக்காமை' என்று நீட்டியே எழுதுகிறேன். நீளம் என்று குறைப்படும் மொழிபெயர்ப்பாளர்கள் 'பரிபூரணவாத மனப்பாங்குடையோர்' என்று எழுதும்போது எழுத்தை எண்ணுவதில்லை.