‘தற்காலிக நினைவகம்’ அல்ல, இடைநகல்

“பொருளின் பக்கத்தில் காட்டும் இருப்பு எண்ணிக்கையைத் தற்காலிக நினைவகத்தில் சேமிக்கவும்.” இணையக் கடை மென்பொருள் பற்றிய தமிழாக்கங்களில், அடிக்கடி வேண்டிய தரவை விரைவாக எடுக்கக் கிட்டத்தில் வைப்பதைக் குறிக்கும் கேஷ் என்ற சொல் வரும் இடமெல்லாம் இந்த வரிதான். படிக்கிறவர் அப்படியே சேமித்தும் விடுவார். இரண்டு நாள் கழித்துத் தீர்ந்துபோன பொருளுக்கு ஆர்டர் வந்து நிற்கும்போது, மொழிபெயர்த்தவரை யாரும் கேட்கப்போவதில்லை.

சொல்லின் பிறப்பு சிறிய கதை. மறைத்து வைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கணினியில் இந்த உத்தியை 1965இல் விவரித்த பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் ‘அடிமை நினைவகம்’ என்றார். சில ஆண்டுகளில் ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினி பற்றிய கட்டுரைகளில் கேஷ் என்ற பெயர் நிலைத்தது. செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் நடுவே சிறிய, வேகமான நினைவகம் ஒன்று இருக்கும். நிரலுக்கு அது இருப்பதே தெரியாது. மறைவு என்ற பொருள் அங்கே சரியாகப் பொருந்தியது.

சிக்கல் அந்தச் சொல் வன்பொருளைவிட்டு வெளியே வந்த பிறகுதான். இணையக் கடையில் கேஷை நிரப்புவதும் நிரலாளர்தான், அழிப்பதும் அவர்தான். மறைந்திருப்பது எதுவுமில்லை. ஆகவே ‘பதுக்ககம்’ என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதிலும் சரக்கு இருப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘இருப்பைப் பதுக்குக’ என்று எழுதினால், கடைக்காரரைக் கள்ளச்சந்தைக்கு அனுப்புவதாகத்தான் தமிழர் படிப்பார். ஒலிபெயர்த்து ‘கேஷ்’ என்றே விடலாமே என்றால், பொருளை வாங்கும்போது கொடுக்கும் பணமும் அதே கேஷ்தான். “கேஷ் காலி” என்று கடை மென்பொருள் காட்டினால் முதலாளி பதறுவாரா மாட்டாரா?

ஆனால் பெரிய குற்றவாளி ‘தற்காலிக நினைவகம்’தான். அதில் இரண்டு சொற்களுமே தவறான பக்கம் இழுக்கின்றன. நினைவகம் என்றதும் தரவு வாழும் இடம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தற்காலிகம் என்றதும் கணினியை அணைத்தால் போய்விடும், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. உண்மையில் கேஷின் உயிர்நாடி வேறு: அதிலிருப்பது நகல், மூலம் வேறிடத்தில் இருக்கிறது, இரண்டும் இந்த நொடியில் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. இந்த மூன்றில் ஒன்றைக்கூட அந்தச் சொல் சொல்லவில்லை.

சொல்லாததன் விலையைப் பார்ப்போம். ஒரு பொருளின் பக்கத்தை நொடிக்கு 600 பேர் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்காகவும் தரவுதளத்தைக் கேட்டால் நொடிக்கு 600 வினவல், அதுவும் ஆர்டர் வரும்போது இருப்பைக் கழிக்கும் அதே அட்டவணை வரிசையைத் தேடி. எண்ணை ரெடிஸ் என்ற கேஷ் மென்பொருளில் 20 நொடி ஆயுளோடு வைத்தால் 12,000 பார்வைக்கு ஒரு வினவல் போதும். இதுவரை எந்தப் பெயர் வைத்தாலும் வேலை நடக்கும்.

‘நினைவகம்’ என்று நம்பியவர் அடுத்து என்ன செய்வார்? விற்கும்போதெல்லாம் அங்கேயே ஒன்றைக் கழிப்பார். 7 ஆறாகும். பணம் செலுத்துதல் தோற்றால் திரும்பக் கூட்ட வேண்டும். ஏதோ ஒரு வழியில் அது விட்டுப்போகும். ரெடிஸில் இடம் நிறைந்து, `allkeys-lru` போன்ற கொள்கை அமைந்திருந்தால், அது நெடுநேரம் தொடாத பதிவுகளைக் கேட்காமலே வெளியேற்றும். மூலம் என்று நம்பிய எண் அதோடு போயிற்று. நகல் என்று தெரிந்தவர் அங்கே கணக்குப் போடவே மாட்டார். கழித்தல் தரவுதளத்தில் மட்டும் நடக்கும்:

```sql
UPDATE stock SET qty = qty - 1
WHERE sku = 4182 AND qty >= 1;
```

மாறிய வரிசைகளின் எண்ணிக்கை 0 என்று வந்தால் சரக்கு இல்லை. ஆர்டரை அங்கேயே நிறுத்த வேண்டும். பக்கம் 3 என்று காட்டினாலும் சரி, 30 என்று காட்டினாலும் சரி, இல்லாததை விற்க இந்த நிபந்தனை விடாது. பக்கத்திலுள்ள எண் வாடிக்கையாளரின் பார்வைக்கு மட்டுமே.

தரவுதளப் பரிமாற்றம் உறுதியான பிறகு நகலை அழிக்க வேண்டும்:

```
DEL stock:4182
```

உறுதியாகும் முன்பே அழித்தால், இடையில் வருகிற யாரோ ஒருவர் பழைய எண்ணை எடுத்துத் திரும்பவும் உள்ளே வைத்துவிடுவார். பின்னால் அழித்தாலும் ஒரு சந்து மிச்சமிருக்கிறது. ஒருவருக்காகத் தரவுதளத்தில் 7 என்று படித்தாகிவிட்டது, இன்னும் ரெடிஸில் எழுதவில்லை. அதற்குள் இன்னொருவரின் ஆர்டர் உறுதியாகி இருப்பு 6 ஆகிறது, நகலும் அழிகிறது. இப்போது முதலாமவருக்கான நிரல் தன் கையிலிருந்த 7ஐ எழுதுகிறது:

```
SET stock:4182 7 EX 20
```

இனி யாரும் அழிக்காவிட்டால் 20 நொடிக்கு 7தான் தெரியும். அழிக்கும் நிரல் இருக்கிறதே என்று ஆயுளைத் தூக்கிவிடுபவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆயுள் இல்லாவிட்டால் அந்த 7 அடுத்த விற்பனை வரை அப்படியே நிற்கும். நகல் எவ்வளவு பழையதாகலாம் என்பதற்கு உச்சவரம்பு அந்த 20 மட்டுமே. இருப்பு 50 இருக்கும்போது ஒன்றிரண்டு பிசகினால் யாருக்கும் தெரியாது. 5க்குக் கீழே போனதும் ஆயுளை 2, 3 நொடியாகக் குறைப்பதும், அதற்கு மேலே எண்ணைக் காட்டாமல் ‘இருப்பு உண்டு’ என்று மட்டும் காட்டுவதும் நல்ல வழக்கம். பிசகு நேர்கிறதா என்று அறிய, அவ்வப்போது சில பொருள்களின் நகலையும் மூலத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பதிந்து வைத்தால் போதும். ஆயுளைத் தாண்டியும் வித்தியாசம் நீடித்தால், ரெடிஸுக்கு முன்னால் பக்கம் முழுவதையும் நகலெடுத்து வைக்கும் வேறொரு அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும்.

ஆயுள் முடியும் நொடியில் இன்னொரு நெரிசல். வினவலுக்கு 50 மில்லிநொடி பிடித்தால், அதற்குள் வந்த 30 பேரும் நகல் இல்லையென்று தரவுதளத்துக்கு ஓடுவார்கள். ஒருவரை மட்டும் அனுப்பும் பூட்டு இது:

```
SET lock:4182 1 NX PX 3000
```

பூட்டு கிடைக்காதவர்கள் சற்றுப் பொறுத்து நகலை மறுபடி படித்தால் போதும்.

எனவே என் பரிந்துரை ‘இடைநகல்’. கேட்பவருக்கும் மூலத்துக்கும் இடையே நிற்கும் நகல். சொன்னவுடனே “எப்போது எடுத்த நகல்?” என்ற கேள்வி எழுகிறது பாருங்கள், அதற்காகத்தான் இந்தச் சொல். இடைநகல் எடு, இடைநகலின் ஆயுள், இடைநகல் காலாவதி என்று வினையும் தொடரும் இயல்பாக அமைகின்றன. ‘இடையகம்’ ஏற்கனவே பஃபருக்குப் போய்விட்டது. அதையே இதற்கும் போடுபவர்கள் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது என்ன செய்வார்களோ. செயலிக்குள் இருக்கும் வன்பொருளுக்கு ‘இடைநகல் நினைவகம்’ என்றால் ஆட்சேபமில்லை, அது உண்மையிலேயே நினைவகம்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைப்பதால் அமைப்புத் திரைகளிலும் ‘தற்காலிக நினைவகத்தை அழி’ என்ற பொத்தான் வந்து உட்கார்ந்துவிட்டது. கடை ஊழியர் அதை அழுத்தத் தயங்குகிறார், இருப்புக் கணக்கே அழிந்துவிடுமோ என்று. ‘இடைநகலை அழி’ என்று இருந்தால் தயக்கமில்லாமல் அழுத்துவார். அடுத்து பக்கத்தைத் திறப்பவருக்குத் தரவுதளத்திலிருந்து புது எண் வந்துவிடும்.