மோட்டாரை மாற்றினால் ஷவரில் தண்ணீர் வருமா?

திருச்சி பக்கம் ஒரு வீடு. தரைத்தளம், அதன் மேல் ஒரு மாடி, ஐந்து பேர் குடும்பம். மாடி பாத்ரூமில் அகலமான ரெயின் ஷவர் மாட்டியிருந்தார்கள், தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. யாரோ சொன்னார்களென்று வீட்டுக்காரர் அரை ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு ஹெச்.பி. போட்டார். ஒன்றும் மாறவில்லை. “மோட்டார் டூப்ளிகேட்டா சார்?” என்றுதான் என்னிடம் ஆரம்பித்தார்.

மோட்டாரில் கோளாறு இல்லை. சம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. ஷவருக்கு வரும் அழுத்தம் முழுக்க தொட்டியின் உயரம் தருவது. 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். இந்தக் கணக்கில் தொட்டியின் கொள்ளளவு எங்கும் வராது. 500 லிட்டரோ 2,000 லிட்டரோ, தண்ணீர் மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தமும் ஒன்றுதான்.

அந்த வீட்டில் ஷவர் தலை மொட்டை மாடித் தளத்துக்கு 3 அடி கீழே, தொட்டி 3 அடி மேடையின் மேல். தொட்டி காலியாகும் நேரத்தில் ஷவருக்குக் கிடைப்பது 6 அடி, 0.2 பார்கூட இல்லை. நிறைந்திருந்தால் இன்னும் மூன்று நான்கு அடி சேரும். அந்த ரெயின் ஷவரின் அட்டைப் பெட்டியிலோ குறைந்தபட்சம் 1 பார் வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அதற்குத் தொட்டியை ஷவருக்கு மேலே 33 அடி உயரத்தில் வைக்க வேண்டும். ஷவர் வாங்கும்போது அந்தப் பெட்டியை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

இருக்கிற 6 அடியையும் தின்றது குழாய். தொட்டியிலிருந்து பாத்ரூம் வரை 30 அடிக்கு அரை இன்ச் சி.பி.வி.சி. ஓடியது. அதன் உள்விட்டம் பன்னிரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட வேண்டுமென்றால் உராய்வுக்கே ஐந்தரை அடி போய்விடும். எல்போக்களும் வால்வும் தின்பது தனி. அதே 30 அடியை முக்கால் இன்ச்சில் போட்டால் இழப்பு ஓர் அடிக்குள் அடங்கிவிடும். விட்டம் கொஞ்சம் கூடினாலே உராய்வு ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. குழாய் விலையில் மிச்சம் பிடிப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

நான் போடும் வரிசை இது: தொட்டியிலிருந்து வெளிவரும் லைன் ஒன்றேகால் இன்ச், ஒவ்வொரு தளத்துக்கும் இறங்கும் லைன் ஒரு இன்ச், பாத்ரூம் வாசல் வரை முக்கால், சுவருக்குள் குழாய்முனைக்குப் போகும் கடைசி சில அடி மட்டும் அரை. மாடிக்கும் கீழுக்கும் ஒரே லைன் போட்டால், கீழே யாராவது குழாயைத் திறந்ததும் மேலே குளிப்பவர் கத்துவார். லைன் எங்கேயும் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி இறங்கக் கூடாது, மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும்.

சரி, தொட்டியும் மோட்டாரும்? ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஐந்து பேருக்கு 675, கொஞ்சம் கையிருப்போடு 1,000 லிட்டர் தொட்டி போதும். நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன், அதனால் மேடையைத் தூண் அல்லது பீமுக்கு மேலே கட்ட வேண்டும். சம்பின் அடியிலிருந்து தொட்டியின் வாய் வரை அந்த வீட்டில் 36 அடி, 11 மீட்டர். குழாய் உராய்வுக்கும் சேர்த்து 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் லேபிளில் 15 மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது ஏற்ற வேண்டிய உயரத்துக்கு, நேரே எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். அது நிமிடத்துக்கு 25 என்றால் தொட்டி 40 நிமிடத்தில் நிறையும். அரை ஹெச்.பி.யே இதற்குத் தாராளம். பழைய மோட்டார் சரியாகத்தான் இருந்தது, பாவம். உறிஞ்சும் குழாயை மட்டும் மோட்டார் வாயைவிடச் சின்னதாகப் போட்டுவிடாதீர்கள்.

ஷவர் தலையைக் கழற்றிவிட்டு 10 லிட்டர் வாளியைப் பிடித்தோம், நிறைய ஒரு நிமிடம் 25 விநாடி ஆனது. நல்லவேளையாக லைன் வெளிச்சுவரில்தான் இறங்கியது. அதை முக்காலுக்கு மாற்றினோம், சுவருக்குள் இருந்த நான்கு அடி அரை இன்ச்சை விட்டுவிட்டோம். மறுபடி பிடித்தபோது 45 விநாடி.

ஆனாலும் அந்த ரெயின் ஷவருக்கு இது போதாது. குழாய் எவ்வளவு பெரிதானாலும் 6 அடி 6 அடிதானே. ஒன்று, தொட்டிக்குக் கீழே பிரஷர் பம்ப் வைக்க வேண்டும், இல்லை குறைந்த அழுத்தத்துக்கான சின்ன ஷவர் மாட்ட வேண்டும் என்றேன். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும் என்று யோசித்து அவர் சின்ன ஷவரையே எடுத்துக்கொண்டார். ஒரு ஹெச்.பி. மோட்டார் இன்னும் சம்பு மேல்தான் இருக்கிறது, பழைய அரை ஹெச்.பி.யைத் தோட்டத்துக்குப் போட்டிருக்கிறார்.