போத்தல் மூடியைத் திருகும்போது பெருவிரலின் அடியில் எழும் வலி

"மணிக்கட்டு நோகுது" என்று சொல்லி இயன்மருத்துவப் பிரிவுக்கு வருகின்ற நடுவயதுப் பெண்களில் சிலருக்கு உண்மையில் நோவது மணிக்கட்டே அல்ல. ஆகவே, வலி எப்போது தொடங்கியது என்று கேட்பதற்கு முன்னர், நோகும் இடத்தை மற்றக் கையின் ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி நான் கேட்பதுண்டு. முழுக் கையையும் தடவிக் காட்டுபவர்களிடம் மீண்டும் ஒருமுறை, ஒரு விரலால் மட்டும் காட்டும்படி சொல்வேன். பெருவிரலின் அடியில், உள்ளங்கையின் சதைப்பற்றான மேடு மணிக்கட்டைச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அந்த விரல் போய் நின்றால், பெருவிரல் அடிமூட்டின் தேய்மானத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்த 51 வயதுடைய ஒருவரின் நிலையை, அவரை அடையாளங் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, இங்கே எழுதுகின்றேன். மாதவிடாய் நின்று இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. காலபோக விதைப்புக்கு முன்னர் விதைக் கச்சானைக் கையால் உடைத்துக் கொடுக்கும் வேலையும் செய்வார். "ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திருகினால் உயிர் போகுது மிஸ், ஆனால் வாளி தூக்கினால் அவ்வளவு இல்லை" என்று அவர் சொன்ன ஒரே வசனத்தில் நோயறிதலின் பாதி அடங்கியிருந்தது. ஐந்து மாதங்களாக நோ இருந்தும், அதுவரை அவருக்குக் கிடைத்தவை பூசுவதற்கு ஒரு பாம், மணிக்கட்டைச் சுற்றிக் கட்டும் ஒரு மீள்பட்டி, வாதத்துக்கான இரத்தப் பரிசோதனை ஆகியவையே. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததால், நோவும் இல்லை என்று பொருள்கொள்ளும் நிலைக்கு வீட்டார் வந்திருந்தனர். மூட்டுத் தேய்வு இரத்தத்தில் தெரிவதில்லை. அந்தப் பரிசோதனை வேறொரு நோயை விலக்குவதற்கு உதவும், அவ்வளவுதான்.

வாளியைத் தூக்கும்போது வராத வலி மூடியைத் திருகும்போது ஏன் வருகின்றது என்பதை விளங்கிக்கொண்டால், பிறகு சொல்லப்போகும் எல்லாமே தானாக விளங்கும். பெருவிரலின் முதல் எலும்பு மணிக்கட்டின் ஒரு சிறிய எலும்பின் மேல், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்த இரண்டு குதிரைச் சேணங்களைப் போலப் பொருந்தியிருக்கின்றது. இந்த அமைப்பினால்தான் பெருவிரல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைந்து, மற்ற விரல்களுக்கு எதிராகத் திரும்பிப் பற்ற முடிகின்றது. ஆனால் எலும்புகள் ஒன்றையொன்று ஆழமாகக் கவ்விக்கொள்வதில்லை. மூட்டை இடம்பெயராமல் வைத்திருப்பவை பெரும்பாலும் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணையங்களும் சிறு தசைகளுமே. வாளியின் பிடியை நான்கு விரல்களும் கொக்கியாக வளைந்து தாங்குவதால் பெருவிரலுக்கு அங்கே அதிக வேலை இல்லை. மூடியைத் திருகும்போதோ பெருவிரல் அகல விரிந்து, இறுக அழுத்தி, அதே வேளையில் முறுக்கவும்படுகின்றது. இணையம் தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில் எலும்பின் அடி வெளிப்புறமாக வழுக, தேய்ந்த குருத்தெலும்புப் பரப்பின் சிறியதொரு பகுதி மட்டுமே முழுச் சுமையையும் ஏற்கின்றது.

சுமையின் அளவும் நாம் நினைப்பதைவிடப் பெரியது. பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சேர்ந்து ஒரு பொருளை 1 கிலோ அளவான விசையுடன் கிள்ளிப் பிடிக்கும்போது, அடிமூட்டில் அது ஏறத்தாழ 12 மடங்காகின்றது என்று உயிர்ப்பொறிமுறை ஆய்வாளர்கள் கணித்திருக்கின்றனர். நாள் முழுவதும் கச்சான் கோதை நுனிவிரல்களால் நசுக்கி உடைக்கும் ஒருவரின் மூட்டு எதைச் சுமந்திருக்கும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆயினும் வேலை மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. இந்தத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களிடம், அதுவும் மாதவிடாய் நின்ற பின்னர், கூடுதலாகக் காணப்படுகின்றது. பரம்பரையும் மூட்டுத் தளர்வும் பங்குகொள்கின்றன. வன்னியில் இன்னொரு கேள்வியையும் நான் தவறாமல் கேட்பேன்: அந்தக் கையில் பழைய காயமோ முறிவோ உண்டா? போர்க்காலத்தில் சரியாகப் பொருத்தப்படாமல் ஆறிப்போன முறிவு மூட்டுப்பரப்பைக் கோணலாக்கியிருந்தால், தேய்மானம் வயதுக்கு முந்தியே வந்துவிடும். இவருக்கு அப்படி ஏதும் இருக்கவில்லை.

பரிசோதனையின்போது அவருடைய பெருவிரலின் முதல் எலும்பைப் பிடித்து, மணிக்கட்டை நோக்கி மெதுவாக அழுத்திச் சற்றுச் சுழற்றியபோது, அரைபடுவதைப் போன்ற நெறுநெறுப்பு என் விரல்களுக்குத் தெரிந்தது. அவருக்கும் அதே நோ எழுந்தது. இதை வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். நோவுள்ள மூட்டை அரைப்பதால் பயன் ஏதும் இல்லை. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வட்டம் ஒன்றைச் செய்து காட்டச் சொன்னபோது வட்டம் வரவில்லை: பெருவிரலின் நடுமூட்டு பின்பக்கமாக வளைந்து, அடிப்பகுதி உள்ளங்கைப் பக்கம் சரிந்துவிட்டது. அடிமூட்டின் தளர்ச்சியை நடுமூட்டு ஈடுசெய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது அடையாளம்.

இதனுடன் அடிக்கடி குழப்பப்படுவது, பெருவிரலை விரிக்கும் தசைநாண்களின் உறை தடிப்பதால் வரும் நோவாகும். அந்த நோ இன்னும் மேலே, மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் இருக்கும். பெருவிரலை உள்ளே வைத்து முட்டி பிடித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது அது கூர்மையாக எழும். அடிமூட்டுத் தேய்மானத்திலும் இந்த அசைவு சிறிது நோகலாம் என்பதால், எந்த இடத்தில் நோகின்றது என்பதையே பார்க்க வேண்டும். இரவில் விரல்கள் விறைத்து எழுப்பினால் அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம். காலையில் இரு கைகளின் விரல் மூட்டுக்களும் வீங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறுகியிருந்தால், அது தேய்மானம் அல்ல. தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். விழுந்து கையை ஊன்றிய பின்னர் தொடங்கிய நோவுக்கு, முறிவு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

அவர் கொண்டுவந்த எக்ஸ்ரே மணிக்கட்டுக்காக எடுக்கப்பட்டது. அந்தக் கோணத்தில் இந்த மூட்டின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துவிடலாம். பெருவிரலுக்கென்று எடுத்த படத்தில்தான் மூட்டிடைவெளி குறுகியிருப்பதும் ஓரத்தில் சிறிய எலும்பு முளை வளர்ந்திருப்பதும் தெரிந்தன. படத்தையும் நோவையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். படத்தில் மோசமாகத் தேய்ந்தவர் வேலை செய்துகொண்டிருப்பார், சிறிதளவே தேய்ந்தவர் வலியால் துடிப்பார்.

சிகிச்சையை நாங்கள் தாங்கியிலிருந்து தொடங்கினோம். அவர் கட்டியிருந்த மீள்பட்டி மணிக்கட்டை மட்டும் இறுக்கியதே தவிர, பெருவிரலின் அடியைத் தொடவேயில்லை. தேவையானது, பெருவிரலின் முதல் எலும்பைச் சுற்றிப் பிடித்து அதன் அடி வெளியே வழுகாமல் வைத்திருந்து, விரல் நுனியைச் சுதந்திரமாக விடுகின்ற சிறிய தாங்கியாகும். அதை முதல் மூன்று வாரங்களுக்குக் கைவேலை செய்யும் நேரமெல்லாம் அணியச் சொன்னேன். அதன் பின்னர் பாரமான வேலைக்கு மட்டும். கழற்றி இருபது நிமிடங்கள் கழிந்தும் தோலில் சிவந்த தடம் மறையாவிட்டால், தாங்கியைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் இரவுபகலாகக் கட்டிவைத்தால் விரலிடைத் தோலும் தசையும் இறுகிவிடும்.

அடுத்தது, சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் உள்ள தசையைப் பலப்படுத்துவது. சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி கையை மேசையில் வைத்து, பெருவிரலைத் தளர்வாக விட்டு, சுட்டுவிரலை மட்டும் பெருவிரல் பக்கமாகத் தள்ள வேண்டும். மற்றக் கையின் ஒரு விரல் அதை மெதுவாகத் தடுக்க வேண்டும். ஐந்து செக்கன் பிடித்து விடுவதைப் பத்துத் தடவைகள், காலையும் மாலையும் செய்யலாம். இந்தத் தசை சுருங்கும்போது வழுகிய எலும்பை அதன் இடத்தை நோக்கி இழுக்கின்றது. இதற்கு மாறாக, ரப்பர் பந்தை அமுக்கும்படி அயலவர்கள் சொல்லும் அறிவுரையைக் கேட்டால் எனக்குச் சற்றுக் கோபம் வரும். நோகும் மூட்டில் மூடி திருகும் அதே சுமையைத்தான் அது நாளாந்தம் ஏற்றுகின்றது. எண்ணெய் பூசிப் பெருவிரலை இழுத்து உருவுவதும் தளர்ந்த இணையத்தை மேலும் தளர்த்தும்.

வேலைமுறையை மாற்றுவதற்குத்தான் கூடுதலான நேரம் சென்றது. புதிய போத்தலின் மூடி காற்றுவெற்றிடத்தால் இறுகியிருக்கும். கரண்டியின் விளிம்பை மூடியின் ஓரத்தில் கொடுத்துச் சற்று நெம்பினால், "டிக்" என்ற ஒலியுடன் அது தளர்ந்துவிடும். பழைய சைக்கிள் ரியூபின் ஒரு துண்டை மூடியின் மேல் விரித்து, விரல்களால் கவ்வாமல், உள்ளங்கையை வைத்து அழுத்தித் தோளிலிருந்து திருப்பலாம். போத்தலை ஈரத்துணியின் மேல் வைத்துக்கொண்டால் அது சுழலாது. பால் கறக்கும்போது அவர் பெருவிரலை மடித்து அதன் மேல் காம்பை நசுக்கும் பழக்கம் உடையவர். முழுக்கையாலும் கறக்கப் பழகிக்கொண்டார். அது காம்புக்கும் நல்லது. விதைக் கச்சானைப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும் என்பதால் தட்டி உடைக்க அவர் சம்மதிக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து வேறு வேலை செய்வது, உடைப்பதை மகளுடன் பங்கிடுவது என்ற இடத்தில் இருவரும் இணங்கினோம்.

மருந்தைப் பொறுத்தவரை, வைத்தியர் அவருக்கு டைக்ளோபினாக் ஜெல்லைப் பூசக் கொடுத்தார். அதே மருந்தின் குளுசையை மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விடயம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. வவுனியாவின் சில பகுதிகள் உட்பட, காரணம் முழுமையாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் ஒரு பிரதேசத்தின் அயலில் வாழும் நாங்கள் இதில் கூடுதலாகக் கவனமெடுக்க வேண்டும். மூட்டுக்குள் ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசி சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆறுதல் தரும், நின்று நிலைப்பதில்லை.

எட்டு வாரங்களின் பின்னர், பத்துக்கு ஏழு என்று அவர் மதிப்பிட்டிருந்த நோ மூன்றாகக் குறைந்தது. பால் கறப்பதில் சிரமம் இல்லை. இறுக்கமான மூடியும் ஈரத் துணியைப் பிழிவதும் இன்னும் நோகின்றன. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரப்போவதில்லை என்பதால், இந்த மிச்ச நோ இருந்துகொண்டேயிருக்கும் என்பதை அவரிடம் நேராகவே சொன்னேன். இப்படி ஆறு மாதங்கள் முறையாகச் செய்தும் உறக்கத்தைக் கெடுக்கும் நோவும் பிடிப்பலம் குறைவதும் தொடருமானால், என்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவோம். பரவலாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சையில், மூட்டின் அடியிலுள்ள அந்தச் சிறிய மணிக்கட்டு எலும்பை அகற்றிவிடுவார்கள். நோவைக் குறைப்பதில் அது நல்ல பலன் தரும் என்றாலும், கை வேலைக்குத் திரும்ப மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை செல்லும். முழுப் பலம் வருவதற்கு அதனிலும் நீண்ட காலமாகலாம். கறவை மாடு வைத்திருப்பவர் அந்த மாதங்களில் யார் கறப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டுதான் திகதி கேட்க வேண்டும்.