200 ரூபாய்க்கு எத்தனை பேனா, எத்தனை நோட்டு?

தெரியாத எண்கள் இரண்டு இருந்தால் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். விடை முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயம் வந்துவிட்டால் சில நேரம் ஒன்றே போதும்.

முதலில் சில்லறை. 5 ரூபாய், 2 ரூபாய் நாணயங்களை மட்டும் வைத்து 43 ரூபாய் கொடுக்க வேண்டும், அதாவது 5x + 2y = 43. ஒரு ஐந்தும் பத்தொன்பது இரண்டும் கொடுக்கலாம். அதில் ஐந்து இரண்டுகளை எடுத்துவிட்டு இரண்டு ஐந்துகளை வைத்தால் தொகை மாறாது, இப்படியே மாற்றிக்கொண்டு போனால் (1, 19), (3, 14), (5, 9), (7, 4) என்று நான்கு வழிகள், அவ்வளவுதான். ஆனால் கையில் 20, 50 ரூபாய்த் தாள்கள் மட்டும் இருந்தால் 85 ரூபாய் எப்படியும் வராது. இரண்டையும் வகுக்கும் மிகப்பெரிய எண் 10, அது தொகையையும் வகுத்தாக வேண்டும்.

சரி, எண்கள் கொஞ்சம் முரண்டு பிடித்தால்? பேனா 17 ரூபாய், நோட்டு 12 ரூபாய், மிச்சமே இல்லாமல் 200 ரூபாய்க்கு வாங்க வேண்டும்.

17x + 12y = 200

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் எண்கள் பெரிதானால் அது நடக்காது. கி.பி. 499-லேயே ஆரியபட்டர் இதற்கு ஒரு வழி கொடுத்திருக்கிறார், குட்டகம் என்பார்கள். வகுத்து வகுத்து எண்களைப் பொடியாக்கிக்கொண்டே போவதுதான் அதன் உயிர். இதே கணக்கில் பார்ப்போம். எல்லாவற்றையும் 12-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 17-க்கு 5 மீதி, 200-க்கு 8 மீதி. ஆக 5x-ஐ 12-ஆல் வகுத்தால் 8 மீதி வர வேண்டும்:

5x = 8 + 12t

இப்போது அதையே 5-ஆல் வகுக்கிறோம். 12-க்கு மீதி 2, 8-க்கு மீதி 3, எனவே 2t + 3 என்பது 5-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இவ்வளவு சிறிதானபின் கண்ணாலேயே சொல்லிவிடலாம், t = 1. அப்புறம் வந்த வழியே திரும்பினால் 5x = 20, x = 4. பேனாவுக்கு 68 ரூபாய், மீதி 132-க்கு 11 நோட்டு.

வேறு விடை உண்டா? பேனாவை 12 கூட்டி நோட்டை 17 குறைக்க வேண்டும், ஆனால் 16 பேனாவுக்கே 272 ரூபாய் ஆகிவிடும். எதிர்ப்பக்கம் போனால் −8 பேனா, 28 நோட்டு. கணக்குப்படி அதுவும் விடைதான், கடையில் எட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாலொழிய அதற்கு அர்த்தமில்லை.

திருப்பிக் கொடுக்கலாம் என்றால் இந்த இரண்டு விலைகளை வைத்து எந்தத் தொகைக்கும் கணக்கு முடிக்கலாம். கூடாதென்றால் சில தொகைகள் மாட்டவே மாட்டா. 12 × 17 − 12 − 17 = 175, அவற்றில் கடைசி இதுதான், 176 முதல் எந்த முழு ரூபாய்க்கும் வழி உண்டு.