அல்சர் கிருமியை மூச்சில் பிடிப்பது எப்படி?

காரம் தின்றால் அல்சர், கவலைப்பட்டால் அல்சர் என்று சொல்லியே பழகிவிட்டோம். காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் புண் வருவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டுதான்: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அப்புறம் வலி மாத்திரைகள். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் இதை நம்பவைக்க, 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலம் கொதிக்கும் இரைப்பையில் கிருமி எப்படிப் பிழைக்கிறது? அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் உடலில் இயல்பாகவே உள்ள யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா அமிலத்தைத் தணிக்க, கிருமி சளிப்படலத்துக்குள் குடியேறிவிடுகிறது.

இதே நொதிதான் அதைக் காட்டியும் கொடுக்கிறது. மூச்சுப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும். முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். பிறகு கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் போல் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் யூரியா உடைந்து, அந்தக் கார்பன் ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய் இரண்டாவது பையில் கூடுதலாகத் தெரியும். மலப் பரிசோதனை கிருமியின் புரதத்தைத் தேடுகிறது; அதுவும் நம்பகமானதே. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது அவ்வளவு உதவாது, கிருமி போன பிறகும் அது நெடுநாள் இருக்கும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். நடுராத்திரி மேல்வயிற்று வலியில் விழிக்கிறார், இரண்டு பிஸ்கட் தின்றதும் அடங்குகிறது. இது முன்சிறுகுடல் புண்ணின் பழகிய அடையாளம். மருந்துக்கடையில் அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போகிறார். 'கிருமி இல்லை' என்று வருகிறது. அமிலம் குறையும்போது கிருமியும் எண்ணிக்கையில் குறைந்து பதுங்கிக்கொள்வதுதான் காரணம். அந்த மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருந்தால்தான் 'இல்லை' என்ற முடிவை நம்பலாம். மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கிருமி உறுதியானால் ஒரே மருந்து போதாது. பரவலாகத் தருவது அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகிய நான்கும் சேர்ந்த 14 நாள் சிகிச்சை. அமிலம் தணிந்தால்தான் ஆன்டிபயாடிக் நன்றாகத் தாக்கும். முன்பு அதிகம் கொடுத்த கிளாரித்ரோமைசினுக்குப் பல இடங்களில் கிருமி பழகிவிட்டது.

சிகிச்சை சுகமாக இருக்காது. வாயில் உலோகச் சுவை, குமட்டல், வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். பிஸ்மத்தால் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பிசுபிசுப்போ கடும் நாற்றமோ தலைசுற்றலோ சேர்ந்தால் அது ரத்தமாக இருக்கலாம். வலி போனதும் பாதியில் விடுபவர்களிடம் மிஞ்சும் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். வலி நின்றதை வைத்துக் கிருமி ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, பான்டோபிரசோலை மறுபடி 2 வாரம் நிறுத்தி, மூச்சையோ மலத்தையோ இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.